திருத்தம் எழுதுவது யாருக்கு?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்துவிட்டால், மறுநாளே துணியை விரித்து வெட்டத் தொடங்கிவிடுவதில்லை. வெட்டுக்கு முன் ஒரு வாசல் இருக்கிறது. மொத்த உற்பத்திக்கு வாங்கிய அதே துணி, அதே நூல், அதே லேபிள், அதே பிரிண்ட் ஆகியவற்றை வைத்து ஒன்றிரண்டு பீஸ் தைத்து பையருக்கு அனுப்ப வேண்டும். இதைத்தான் பிபி சாம்பிள் என்கிறார்கள். 'பிரீ புரொடக்‌ஷன் சாம்பிள்' என்பதன் சுருக்கம் அது. பையர் அளந்து, துவைத்து, இழுத்துப் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் கட்டிங் டேபிளில் கத்தி ஓடும். தராவிட்டால் ஒரு திருத்தப் பட்டியல் வரும். அந்தப் பட்டியல் எழுதப்படும் விதத்தைப் பொறுத்துத்தான் அடுத்த சாம்பிள் தேறுமா, ஆர்டர் நாள்கணக்கில் தள்ளிப்போகுமா என்பது முடிவாகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கான டி-ஷர்ட், 8,000 பீஸ். நூறு சதவீதப் பருத்தியில் சிங்கிள் ஜெர்சி துணி, 160 ஜிஎஸ்எம். ரிப் வைத்த வட்டக் கழுத்து, நெஞ்சில் ஒரு பிரிண்ட். வந்த சாம்பிளைப் பையர் தரப்பில் நிராகரித்துவிட்டார்கள். கண்ட குறைகள் நான்கு: துவைத்த பிறகு நீளம் குறைகிறது, கழுத்து குழந்தையின் தலையில் நுழைவதில்லை, பிரிண்ட் மேலே ஏறி நிற்கிறது, வாஷ்கேர் லேபிள் இடது பக்கத் தையலுக்குப் பதில் வலப் பக்கத்தில் இருக்கிறது.

அவசரத்தில் இருப்பவர் இதை எப்படி எழுதுவார்? 'நீளம் 3.5 செ.மீ. குறைவு. கழுத்து டைட். பிரிண்டைக் கீழே இறக்கவும். லேபிள் இடம் தவறு.' நான்கு வரியும் உண்மைதான். ஆனால் முதல் மூன்றையும் அப்படியே நிறைவேற்றினால் அடுத்த சாம்பிளும் தோற்கும்.

நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுப் பட்டியலில் தோள்பட்டையின் உச்சிப் புள்ளியிலிருந்து அடி மடிப்பு வரை 44 செ.மீ. கேட்டிருக்கிறார்கள்; ஒரு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். சாம்பிள் வந்தபோது சரியாக 44 இருந்தது. லேபிளில் சொன்னபடி துவைத்துக் காயவைத்து அளந்தால் 40.5. கிட்டத்தட்ட எட்டு சதவீதச் சுருக்கம். அனுமதித்ததோ ஐந்து சதவீதம். 'நீளம் 3.5 குறைவு' என்ற வரியைப் படித்த பேட்டர்ன் மாஸ்டர் என்ன செய்வார்? அட்டையில் 3.5 சென்டிமீட்டரைக் கூட்டுவார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. அடுத்த சாம்பிள் 47.5 செ.மீ. நீளத்தில் வரும். கடையில் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தால் தொங்கும். துவைத்தால் பழையபடி எட்டு சதவீதம் சுருங்கும்.

குறை அட்டையில் இல்லை, துணியில் இருக்கிறது. பின்னலாடைத் துணி சாயப்பட்டறையில் ஈரத்தோடு உருளைகளுக்கிடையே ஓடும்போது நீளவாக்கில் இழுபடுகிறது. கண்ணிகள் நீண்டு நிற்கின்றன. அவற்றைத் திரும்ப நெருக்கி அமர்த்துவதற்காகத்தான் கடைசியில் காம்பாக்டிங் செய்கிறார்கள். அது போதாமல் போனால், கம்பெனியில் திரும்பாத கண்ணி வீட்டுச் சலவையில் திரும்பிவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. ஜிஎஸ்எம் கட்டர் நூறு சதுர சென்டிமீட்டர் வட்டத்தை வெட்டித் தரும்; அதை எடைபோட்டு நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை. இந்தச் சாம்பிள் துணி 1.48 கிராம், அதாவது 148 ஜிஎஸ்எம். கேட்டது 160, ஐந்து சதவீதம் விட்டுக்கொடுத்தாலும் 152-க்குக் கீழே போகக்கூடாது. எடை குறைவும் சுருக்கமும் இங்கே ஒரே காரணத்தின் இரண்டு அறிகுறிகள். துணி நீண்டு நிற்பதால் எடை குறைந்திருக்கிறது, துவைத்தால் சுருங்குகிறது.

ஆகவே திருத்தம் இப்படி இருக்க வேண்டும்: 'துவைக்கும் முன் நீளம் 44, சரி. துவைத்த பின் 40.5, குறைந்தபட்சம் 41.8 இருக்க வேண்டும். துணி 148 ஜிஎஸ்எம். பேட்டர்னில் நீளத்தை மாற்ற வேண்டாம். துணியை மறுபடி காம்பாக்டிங் செய்து, எடையும் சுருக்கமும் சோதித்த பிறகு புதிய சாம்பிள் தைக்கவும்.'

இந்த வரி உள்ளே போனதும் சாம்பிள் அறையில் ஒரு பேச்சு நடக்கும்.

"நீளம் பத்தலைன்னு எழுதியிருக்காங்க, அட்டையைத் தொடாதீங்கன்னும் சொல்றாங்க. அப்புறம் எப்படிங்க நீளம் வரும்?"

"மாஸ்டர், தைக்கிறப்ப நீளம் சரியாத்தான் இருக்குங்க. துவைச்சாத்தான் ஓடுது. துணியைச் சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பணும்."

அனுப்புவதில் கம்பெனிக்கு ஒரு தயக்கம் இருக்கும், அது நியாயமானதும்கூட. பின்னலாடைத் துணியைக் கிலோ கணக்கில்தான் வாங்குகிறார்கள். நெருக்கி அமர்த்தினால் அதே எடைக்கு மீட்டர் குறையும், பீஸ் ஒன்றுக்குச் செலவாகும் துணி கூடும். 148-ல் கணக்குப் போட்டு வாங்கிய துணி, 160-க்கு வந்தால் எல்லாப் பீஸுக்கும் போதாது. இதை வெட்டுக்கு முன்பே தெரிந்துகொண்டால் கூடுதல் துணிக்கு ஏற்பாடு செய்யலாம். பட்டியலில் துணி பற்றிய திருத்தம் முதல் வரியாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். மற்ற எல்லாமே அதன்மேல் நிற்கின்றன.

அடுத்தது கழுத்து. 'கழுத்து டைட்' என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி எழுதப்படும், மிகக் குறைவாகப் பயன்படும் வாசகம். ஐந்து வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 51 செ.மீ. கழுத்தைப் படுக்கையில் வைத்து முழுதாக இழுத்தால் குறைந்தது 27 செ.மீ. விரிய வேண்டும் என்று அளவுப் பட்டியல் கேட்கிறது. சுற்றளவாகச் சொன்னால் 54. சாம்பிள் 24.5-ல் நின்றுவிட்டது. சுற்றளவு 49. தலை போகாது; போட்டு இழுத்தால் குழந்தை அழும், இல்லாவிட்டால் தையல் அறும். ஆனால் இழுக்காமல் அளந்தால் கழுத்து அகலம் பட்டியலில் உள்ள 15.5 செ.மீ.தான். அகலம் சரி, விரிவுதான் போதவில்லை. 'டைட்' என்று மட்டும் படித்தவர் கழுத்தைப் பெரிதாக வெட்டிவிடுவார். தலை நுழையும், ஆனால் தோளில் சரிந்து விழும் கழுத்தாக ஆகிவிடும்.

எது தடுக்கிறது என்று பார்க்க ஒரு பீஸைப் பலிகொடுக்க வேண்டும். கழுத்தை மெதுவாக இழுத்துக்கொண்டே எந்தத் தையல் முதலில் விறைக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இந்தச் சாம்பிளில் பின்கழுத்தின் உட்புறத்தில் தோளிலிருந்து தோள் வரை ஓடும் பட்டை விறைத்தது. தறியில் நெய்த நாடா அது, இழுபடாது. அதை மட்டும் பிரித்துவிட்டு மறுபடி இழுத்ததும் கழுத்து 27-ஐத் தொட்டது. அப்போது எழுத வேண்டியது: 'கழுத்து அகலம் 15.5 சரி, மாற்ற வேண்டாம். ரிப் அளவு சரி, மாற்ற வேண்டாம். பின்கழுத்தில் நெய்த நாடாவுக்குப் பதில் உடல் துணியிலேயே பட்டை வெட்டி வைக்கலாம், ஒப்புதல் தருகிறோம். நூல் இறுக்கத்தைத் தளர்த்தித் தைக்கவும். முழுதாக இழுத்தால் 27 செ.மீ. விரிய வேண்டும், தையல் அறக்கூடாது.'

'மாற்ற வேண்டாம்' என்ற சொல் இங்கே இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். சரியாக இருப்பதைச் சரி என்று எழுதாவிட்டால், திருத்தும் வேகத்தில் அதையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். முதல் சாம்பிளில் சரியாக வந்த கை நீளம் இரண்டாவதில் பிசகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

பிரிண்டின் கதை வேறு. கழுத்து ரிப் சேரும் தையலிலிருந்து 6 செ.மீ. கீழே பிரிண்ட் தொடங்க வேண்டும். சாம்பிளில் 5.3-ல் தொடங்கியது. பிரிண்டிங் யூனிட்டில் யாரும் கவனக்குறைவாக இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் 6 செ.மீ. அளந்துதான் அடித்திருக்கிறார்கள். ஆனால் பிரிண்ட் விழுவது தைத்த சட்டையில் இல்லை, வெட்டிய முன்பக்கத் துண்டில். அந்த நேரத்தில் தையலே கிடையாது. அவர்கள் வெட்டு ஓரத்திலிருந்து அளந்தார்கள். பிறகு ரிப் சேர்க்கும்போது 0.7 செ.மீ. துணி தையலுக்குள் போய்விட்டது. மீதி 5.3. பையர் 'இறக்கவும்' என்று எழுதினால் எவ்வளவு இறக்குவது, எங்கிருந்து அளப்பது என்று யூனிட் குழம்பும். 'முன்பக்கத் துண்டின் கழுத்து வெட்டு ஓரத்திலிருந்து 6.7 செ.மீ.; தைத்த பின் தையலிலிருந்து 6 செ.மீ. வர வேண்டும்' என்று எழுதினால் பிரிண்டருக்கும் செக்கிங் செய்பவருக்கும் அவரவர் அளவு கிடைத்துவிடும்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. பையர் சட்டையைக் கழுத்திலிருந்து அடிவரை பார்த்துக் குறை எழுதுகிறார். திருப்பூரில் அந்தச் சட்டை முழுதாக ஒரே கூரையின்கீழ் உருவாவது எப்போதும் நடப்பதில்லை. சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்ட் ஜாப் ஒர்க்கில் வேறோர் இடம், தையல் இன்னோரிடம். பட்டியல் அப்படியே முழுதாக யாரிடமும் போவதில்லை. மெர்ச்சண்டைசர் அதைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். கண்ணுக்குத் தெரிந்த குறையை மட்டும் எழுதினால், அதை எந்த இடத்தில் சரிசெய்வது என்ற முடிவு நடுவில் இருக்கும் யாரோ ஒருவரின் ஊகத்துக்கு விடப்படுகிறது. என்ன அளந்தோம், எவ்வளவு வர வேண்டும், எந்தக் கட்டத்தில் மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்ற நான்கும் ஒவ்வொரு வரியிலும் இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. பையருக்குக் காரணம் தெரியாதபோது அதை ஊகித்து எழுதக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். அளவை மட்டும் துல்லியமாகக் கொடுத்து, 'காரணத்தைக் கண்டறிந்து, திருத்தும் முன் தெரிவிக்கவும்' என்று கேட்பது நல்லது.

லேபிளுக்கு இவ்வளவு விவரம் தேவையில்லை. இடது பக்கத் தையலில், அடி மடிப்பிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் மேலே என்று எழுதி ஒரு படமும் வைத்தால் போதும். அதற்காகப் புதிய சாம்பிள் கேட்பதும் வீண், உற்பத்தியிலேயே திருத்திக்கொள்ளலாம். இந்தப் பாகுபாட்டைப் பட்டியலில் வெளிப்படையாக எழுத வேண்டும். எது திருத்தி, புதிய சாம்பிளில் நிரூபிக்கப்பட வேண்டும், எது உற்பத்தியில் திருத்தினால் போதும் என்று சொல்லாமல் விட்டால், எல்லாமே சின்னத் திருத்தம்தான் என்று எடுத்துக்கொண்டு கட்டிங்கைத் தொடங்கிவிடுகிற ஆபத்து உண்டு. கப்பல் தேதி நெருங்கும்போது அந்த ஆசை வலுக்கும். துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வீச்சில் வெட்டுவதால், தவறான ஒரு காலை நேரத்தில் ஆர்டரின் பெரும்பகுதி வீணாகிவிடக்கூடும். வெட்டிய துணியைக் காம்பாக்டிங் மிஷினுக்குத் திருப்பி அனுப்ப முடியாது.

நம் உதாரணத்தில் முடிவு இதுதான்: துணி, கழுத்து, பிரிண்ட் மூன்றுக்கும் திருத்தம் செய்து மறு சாம்பிள் வர வேண்டும், துவைத்த பீஸ் ஒன்று, துவைக்காத பீஸ் ஒன்று. லேபிள் உற்பத்தியில் மாறினால் போதும். மறு சாம்பிளுக்கு எழுத்தில் ஒப்புதல் கிடைக்கும்வரை கட்டிங் நிறுத்தப்பட வேண்டும். பையர் அலுவலகத்தில் இந்தப் பட்டியலை எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் ஒரு பேட்டர்ன் மாஸ்டரின் இடத்தில் இருந்து வாசித்துப் பாருங்கள். 'சரி, நான் எதை மாற்றணும்?' என்ற கேள்விக்கு அந்த வரியிலேயே பதில் இல்லாவிட்டால், அதைத் திருத்தி எழுதிவிட்டு அனுப்புங்கள்.