லாரி தாமதமும் கையிருப்புக் கணக்கும்

கடையில் வைத்திருக்கும் சரக்கில் ஒரு பகுதி வழக்கமான விற்பனைக்கானது. இன்னொரு பகுதி, விற்பனை எதிர்பார்த்ததைவிடக் கூடினாலோ லாரி சொன்ன நாளில் வராவிட்டாலோ ‘இல்லை’ என்று சொல்லாமல் சமாளிப்பதற்கானது. இந்த இரண்டாம் பகுதிக்குப் பாதுகாப்பு இருப்பு என்று பெயர். ஆங்கிலத்தில் சேஃப்டி ஸ்டாக். பல கடைகளில் இது ‘பத்து நாள் சரக்கு கூடுதலாக இருக்கட்டும்’ என்று கண் மதிப்பில் முடிவாகிறது. அப்படி முடிவானால் சில பொருள்களில் பணம் முடங்கும், வேறு சில பொருள்கள் அடிக்கடி தீர்ந்துபோகும். ஏனென்றால் இந்த இருப்பு எவ்வளவு விற்கிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. விற்பனை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் பொறுத்தது.

ஒரு பைக் உதிரிபாக மொத்தக் கடையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு வகை பிரேக் ஷூ நாளொன்றுக்குச் சராசரியாக 40 செட் விற்கிறது. ஆர்டர் போட்டால் சரக்கு வந்து இறங்க 9 நாள் ஆகும். ஆக, அந்த இடைவெளியில் சராசரியாக 360 செட் போகும். கையிருப்பு 360 ஆகக் குறையும்போது ஆர்டர் போட்டால் போதும் என்று தோன்றலாம். ஆனால் 360 என்பது சராசரி. ஏறக்குறைய பாதித் தடவை விற்பனை அதைத் தாண்டும். அதாவது இரண்டு ஆர்டருக்கு ஒரு முறை, லாரி வருவதற்குள் சரக்கு தீர்ந்துவிடும்.

எவ்வளவு தாண்டும் என்று அறிய, தினசரி விற்பனையின் திட்டவிலக்கம் வேண்டும். விற்பனைப் பதிவைக் கணினியில் ஏற்றியிருந்தால் எக்செலில் `STDEV.S` கொடுத்தாலே கிடைத்துவிடும். இந்தக் கடையில் அது 12 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு பங்கு நாள்களில் விற்பனை 28-க்கும் 52-க்கும் இடையே இருக்கிறது என்பது இதன் பொருள்.

இனி 9 நாளுக்கான திட்டவிலக்கம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 12-ஐ 9-ஆல் பெருக்கி 108 என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்பது நாளும் தொடர்ந்து விற்பனை எகிறினால்தான் அந்தக் கணக்கு சரி. நடைமுறையில் ஒரு நாள் கூடும், மறுநாள் குறையும். ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுசெய்யும். அதனால் நாள்களின் எண்ணிக்கையால் அல்ல, அதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 9-இன் வர்க்கமூலம் 3. ஆகவே 12 × 3 = 36.

அடுத்து, எத்தனை தடவை தீர்ந்துபோனால் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்ய வேண்டும். 20 ஆர்டரில் ஒன்றுக்கு மட்டும் தட்டுப்பாடு வரலாம் என்றால் அது 95 சதவீதச் சேவை அளவு. இயல்நிலைப் பரவலின்படி அதற்குரிய பெருக்கு எண் 1.645. எக்செலில் `NORM.S.INV(0.95)` என்று கொடுத்தால் இதே எண் வரும்.

```
SS = z × σ × √L = 1.645 × 12 × √9 ≈ 59
```

பாதுகாப்பு இருப்பு 59 செட். கையிருப்பு 360 + 59 = 419 ஆகக் குறைந்த அன்றே ஆர்டர் போட வேண்டும். சேவை அளவை 99 சதவீதமாக உயர்த்தினால் பெருக்கு எண் 2.33, இருப்பு 84. 99.9 சதவீதம் வேண்டுமென்றால் 3.09, இருப்பு 111. கடைசி ஒரு சதவீதத்துக்குள் ஏறுவதற்கே 27 செட் கூடுதலாகப் போகிறது. நூறு சதவீதத்துக்கோ எந்த எண்ணும் போதாது. எல்லாப் பொருளுக்கும் 99 என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது முதலாளியின் பணத்தைக் கிடங்கில் பூட்டும் வேலை.

இதுவரை லாரி தவறாமல் 9-ஆம் நாள் வரும் என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் ஒரு முறை 7 நாளில் வரும், ஒரு முறை 12 நாள் ஆகும். வரும் நாளின் திட்டவிலக்கம் 2 நாள் என்றால், அதையும் சேர்த்துக்கொள்ளும் சூத்திரம் இது:

```
SS = z × √(L × σd² + d² × σL²)
   = 1.645 × √(9 × 12² + 40² × 2²)
   = 1.645 × √(1296 + 6400) ≈ 144
```

59 ஆக இருந்தது 144 ஆகிவிட்டது. அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். வாடிக்கையாளரால் வரும் பங்கு 1296, சப்ளையரால் வரும் பங்கு 6400. விற்பனையை அச்சுப் பிசகாமல் முன்கூட்டியே கணித்துவிட்டால்கூட இருப்பு 132-க்குக் கீழே இறங்காது. மாறாக, சப்ளையரிடம் பேசித் தாமதத்தின் திட்டவிலக்கத்தை 2 நாளிலிருந்து 1 நாளாகக் குறைத்தால் 89 செட் போதும். இருப்பைக் குறைக்க விரும்புகிறவர் விற்பனைப் பதிவைத் துருவுவதற்கு முன், ஆர்டர் போட்ட தேதியையும் சரக்கு இறங்கிய தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வருவது நல்லது. இந்த இரண்டு தேதியும் பெரும்பாலான கடைகளில் சேர்ந்து பதிவாவதே இல்லை.

95 சதவீதம் என்றவுடன், நூறு வாடிக்கையாளரில் ஐந்து பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஆர்டர்களைப் பற்றிய கணக்கு. தட்டுப்பாடு வரும் அந்த ஒரு தடவையிலும் விட்டுப்போவது ஒரு சிறு பகுதிதான். ஒவ்வொரு முறையும் 400 செட் வாங்கும் கடையில், இதே 144 இருப்போடு, கேட்கப்பட்ட சரக்கில் ஏறக்குறைய 99.5 சதவீதம் கையிலிருந்தே போய்விடும். சேவை அளவு என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், இரண்டில் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணக்குக்குக் கொடுக்கும் பதிவிலும் ஒரு பொறி உண்டு. சரக்கு தீர்ந்திருந்த நாளில் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகியிருக்கும். ஆனால் கேட்டு வந்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்த நாள்களை அப்படியே சேர்த்தால் சராசரி குறையும். அவற்றை நீக்கிவிட்டே கணக்கிட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களைப் போலத் தொடர்ந்து விற்பனை ஏறும் காலத்திலும் வர்க்கமூலக் கணக்கு குறைத்துக் காட்டும், ஏனென்றால் அப்போது நாளுக்கு நாள் ஈடுசெய்தல் நடப்பதில்லை. அந்த வாரங்களுக்குச் சராசரியையே தனியாக உயர்த்திவிட வேண்டும்.

போட்ட கணக்கு சரிதானா என்று பார்க்க எளிய வழி, லாரி வந்து நிற்கும்போது அலமாரியில் எத்தனை மீதி என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்வது. பல தடவைகளின் சராசரி 144-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எப்போதுமே 250, 300 என்று மிஞ்சினால் இருப்பு அதிகம். மீதி சில தடவை 144-க்குக் கீழே இறங்குவது கோளாறு அல்ல. பாதுகாப்பு இருப்பில் கைவைத்தாயிற்று என்று பதறி அவசர ஆர்டர் போடும் கடைகள் உண்டு. அப்படிச் செய்தால் அந்தச் சரக்கை வாங்கி வைத்ததற்கே அர்த்தம் இல்லை.

மாதம் இரண்டு மட்டுமே விற்கும் கிளட்ச் கேபிளுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அங்கே பாய்சான் பரவலைப் பயன்படுத்துவார்கள். 9 நாளில் சராசரி 0.6 விற்பனை என்றால், கையில் ஒன்று இருக்கும்போது ஆர்டர் போட்டால் 88 சதவீதமும், இரண்டு இருக்கும்போதே போட்டால் 98 சதவீதமும் கிடைக்கும். கேபிளைப் பாதியாக வெட்டி வைக்க முடியாது. 95 வேண்டும் என்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.