எவ்வளவு கடன் வாங்கலாம்? தவணையிலிருந்து கணக்கிடுங்கள்

கடையை விரிவுபடுத்தவோ வண்டி வாங்கவோ கடன் தேடும் வியாபாரிகளில் பலர், முதலில் தொகையை முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் தவணையைப் பற்றி யோசிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்வதே பாதுகாப்பு. நம்மால் சிரமமின்றிக் கட்டக்கூடிய தவணையை முதலில் நிர்ணயித்து, அதிலிருந்து கடன் தொகைக்கு வர வேண்டும்.

தவணையை நிர்ணயிக்கத் தீபாவளி மாத விற்பனையைப் பார்க்கக் கூடாது. ஆண்டிலேயே மந்தமான மாதத்தின் பேரேட்டை எடுங்கள். மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டிய சரக்குப் பணம், வாடகை, சம்பளம், மின்கட்டணம், வீட்டுச் செலவு எல்லாம் போக மீதி ரூ.14,000 என்று வைத்துக்கொள்வோம். கடன்பாக்கி வசூலாகாமல் போவதற்காக ரூ.4,000 ஒதுக்கினால், கட்டக்கூடிய தவணை ரூ.10,000.

அடுத்து, கடன் தருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை எவ்வளவு?" வட்டியும் காலமும் மாறாதவரை, கடன் இரு மடங்கானால் தவணையும் இரு மடங்காகும். ஆகவே நம் தவணையை அந்தத் தொகையால் வகுத்தால், எத்தனை லட்சம் வாங்கலாம் என்று கிடைத்துவிடும்.

குறையும் அசலுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம், காலம் 36 மாதம் என்றால், லட்சத்துக்குத் தவணை சுமார் ரூ.3,321. பத்தாயிரத்தை இதனால் வகுத்தால் 3.01. அதாவது அதிகபட்சம் ரூ.3 லட்சம். காலத்தை 60 மாதமாக்கினால் லட்சத்துக்கு ரூ.2,224 தான், கடன் சுமார் ரூ.4.5 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் மொத்த வட்டி சுமார் ரூ.59,000 என்பதிலிருந்து ரூ.1.5 லட்சமாக ஏறிவிடும். வாங்கும் பொருள் ஐந்தாண்டு உழைக்காது என்றால் நீண்ட காலத் தவணை வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. "12 சதவீதம்தான்" என்று சொல்லி, முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போடும் 'பிளாட்' கணக்கும் உண்டு. அதில் மூன்றாண்டு வட்டி லட்சத்துக்கு ரூ.36,000, மொத்தம் ரூ.1,36,000. இதை 36ஆல் வகுத்தால் தவணை ரூ.3,778. நம் பத்தாயிரத்துக்குக் கிடைப்பது ரூ.2.64 லட்சமே. குறையும் அசல் கணக்கில் இது ஏறக்குறைய 21 சதவீத வட்டிக்குச் சமம். லட்சத்துக்கான தவணையைக் கேட்டால் இந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சிறுதொழில் தவணைக் கடன்களுக்கு, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் விவர அறிக்கையைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்திடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். ஆவணக் கட்டணத்தைக் கடனிலேயே பிடித்துக்கொண்டால், கைக்கு வரும் தொகை அந்த அளவுக்குக் குறையும், தவணை குறையாது.