பத்தேகால் வரைதான் அறை உங்களுடையது

பல்கலைக்கழக நூலகத்தில் குழுவாகப் படிக்கும் அறையை இணையத்தில் பதிவு செய்தால், சற்று நேரத்தில் ஓர் உறுதி மின்னஞ்சல் வந்துவிடும். அறை எண், தேதி, நேரம், பதிவை ரத்து செய்ய ஓர் இணைப்பு, கூடவே ஒரு குறியீடு. பெரும்பாலோர் ‘உறுதி செய்யப்பட்டது’ என்பதைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த உறுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. குறித்த நேரத்தில் வந்து ‘செக்-இன்’ செய்தால்தான் அறை முழு நேரமும் உங்களுக்கு. இல்லாவிட்டால் மென்பொருளே அதை விடுவித்து, காலி என்று காட்டிவிடும்.

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா நாடுகளின் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இருப்பது ஸ்பிரிங்ஷேர் நிறுவனத்தின் லிப்கால் என்னும் மென்பொருள். செக்-இன் வேண்டுமா, எத்தனை நிமிடம் பொறுக்கலாம் என்பதையெல்லாம் அந்தந்த நூலகமே அதில் முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படி ஒரு விதி எதற்கு? தேர்வு நெருங்கும்போது திரையில் எல்லா அறைகளும் ‘பதிவாகிவிட்டது’ என்று சிவந்து கிடக்கும். நேரில் போய்ப் பார்த்தால் பாதி அறைகளில் விளக்குகூட எரியாது. பதிவு செய்யக் காசு இல்லை. வராமல் போனாலும் நஷ்டம் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பதிவு செய்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

சலுகை நேரம் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். ஓர் உதாரணம் பார்ப்போம். காலை 10 முதல் 12 வரை அறை பதிவாகியிருக்கிறது. சலுகை 15 நிமிடம். 10.15 வரை யாரும் செக்-இன் செய்யவில்லை என்றால் பதிவு ரத்தாகும். வீணானது 15 நிமிடம், மிச்சம் 105 நிமிடம் என்றுதான் காகிதத்தில் கணக்கு வரும்.

நடப்பது வேறு. பல நூலகங்களில் பதிவுக் கட்டங்கள் அரை மணிக்கு ஒன்றாக அமைந்திருக்கும். தொடங்கிவிட்ட கட்டத்தைப் பதிய முடியாதபடி அமைப்பு இருந்தால், 10.15-க்கு விடுபட்ட அறையை அடுத்தவர் 10.30-லிருந்துதான் எடுக்க முடியும். ஆக, வீணானது அரை மணி. சலுகையை 10 நிமிடமாகக் குறைத்தாலும் அதே அரை மணிதான் போகும். 25 நிமிடமாக நீட்டினாலும் அதே அரை மணிதான். கண்டிப்பாக இருப்பதாக நினைத்துச் சலுகையைக் குறைக்கும் நூலகம், பேருந்து தாமதமான மாணவரைத் தண்டிக்கிறதே தவிர அறையை மீட்பதில்லை. கட்டங்களைக் கால் மணிக்கு ஒன்றாக மாற்றினால்தான் அந்தப் பத்து நிமிடத்துக்கு அர்த்தம் வரும்.

இதைவிட மோசமானது ஒரு மணி நேரப் பதிவுக்கு அரை மணி சலுகை கொடுப்பது. மிஞ்சுவது முப்பதே நிமிடம். குறைந்தபட்சப் பதிவு ஒரு மணி என்ற விதியும் சேர்ந்துவிட்டால், அடுத்த மணியையும் வேறொருவர் எடுத்திருக்கும்போது அந்தத் துண்டை யாராலும் பதிய முடியாது. காலி என்று இருக்கும், கையில் கிடைக்காது.

செக்-இன் செய்யும் வழியிலும் ஓட்டை உண்டு. மின்னஞ்சலில் வரும் குறியீட்டை எங்கிருந்தும் தட்டலாம் என்றால், விடுதிக் கட்டிலில் படுத்தபடியே ‘வந்துவிட்டேன்’ என்று சொல்லிவிடலாம். அறைக்கதவில் ஒட்டிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னால் இது ஓரளவு குறையும். அதையும் படம் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். வந்தவர்களே மாட்டிக்கொள்வதும் உண்டு. பதிவு செய்தவர் ஒருவர், முதலில் வந்து சேரும் தோழி இன்னொருவர். குறியீடு முன்னவரின் மின்னஞ்சலில் கிடக்கும். உள்ளே மூவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கையில் 10.15-க்கு மென்பொருள் அறையை விடுவித்துவிடும். சற்று நேரத்தில் அதே அறையைப் பதிவு செய்த வேறொரு குழு கதவைத் தட்டும். மென்பொருளுக்குத் தெரிவது செக்-இன் ஒன்றுதான், நாற்காலியில் ஆள் இருப்பது அல்ல. அதனால் மின்னஞ்சல் வந்ததுமே குறியீட்டைக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிடுவது நல்லது.

வர முடியாதென்று தெரிந்தால் ரத்து இணைப்பை அழுத்தலாம். முதல் நாள் இரவே அழுத்தினால் இரண்டு மணி நேரமும் முழுசாக அடுத்தவருக்குப் போகும். வராமலே இருந்து, தானாக விடுபட்டால் துண்டுதான் போகும். அடிக்கடி வராமலிருப்பவர்களைச் சில நாள் பதிவு செய்ய விடாமல் நிறுத்திவைக்கும் நூலகங்களும் உண்டு.

இன்னொன்று: மின்னஞ்சலுடன் வந்த கோப்பைச் சொந்த நாட்காட்டியில் சேர்த்திருந்தால், அறை கைவிட்டுப் போன பிறகும் பதிவு அங்கே அப்படியே இருக்கும். 10.20-க்கு ஓடிவந்து அதைக் காட்டி ஊழியரிடம் வாதாடிப் பயனில்லை; அவர் பார்ப்பது நூலகத்தின் திரையை. கதவருகே நின்றபடியே அறை இன்னும் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அடுத்த கட்டத்தைப் புதிதாகப் பதிவு செய்வதே வழி.