எந்தக் கடிதத்தோடு வந்த எஸ்டிமேட்?

சென்னையில் ஃபிளாட் வாங்கிய ஒருவருக்கும் பில்டருக்கும் இடையே ஒரு வருடத்துக்கும் மேலாக மின்னஞ்சல் போய்வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாவி கொடுக்கும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. கூடுதல் வேலைக்கென்று கேட்கும் தொகையோ ஏறிக்கொண்டே போகிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வழக்கறிஞரைப் பார்க்கிறார். "எல்லா மெயிலையும் ஒரே பிடிஎஃப்பா கொண்டு வாங்க சார். அட்டாச்மென்ட் எல்லாம் தேதி வரிசையில இருக்கணும்" என்கிறார் அவர்.

ஜிமெயிலில் உரையாடலைத் திறந்தால் வலது மேல் மூலையில் அச்சுப்பொறிச் சின்னம் இருக்கும். Print all என்ற அதைச் சொடுக்கி, அச்சுப்பொறிக்குப் பதிலாக Save as PDF என்று தேர்ந்தால், பழைய கடிதத்தில் தொடங்கி எல்லாம் ஒரே கோப்பாகிவிடும். ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் இருக்கும் மூன்று புள்ளிக்குள்ளும் Print உண்டு. அது அந்த ஒரு கடிதத்தை மட்டுமே எடுக்கும்.

கிடைத்த கோப்பை அப்படியே நம்பிவிட முடியாது. நூறு கடிதங்களைத் தாண்டினால் ஜிமெயில் உரையாடலை இரண்டாகப் பிரித்துவிடும். நடுவில் யாராவது தலைப்பை மாற்றினாலும் அப்படித்தான். எனவே பில்டரின் முகவரியைத் தேடி, அதே விஷயம் வேறு தலைப்பில் ஓடுகிறதா என்று பார்த்து, அதையும் எடுக்க வேண்டும். பிடிஎஃப்பில் ஆங்காங்கே [Quoted text hidden] என்ற வரியும் தென்படும். முந்தைய கடிதத்தின் மேற்கோளை ஜிமெயில் மறைத்திருக்கிறது என்பது அதன் பொருள். பெரும்பாலும் அதனால் நஷ்டமில்லை. ஆனால் பில்டர் ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே பதில் எழுதியிருந்தால், கேள்வி மறைந்து, "ஆம், செய்து தருகிறோம்" என்ற பதில் மட்டும் அந்தரத்தில் நிற்கலாம். அத்தகைய கடிதத்தை மூன்று புள்ளி வழியாகத் தனியே அச்சிட்டு, கேள்வியும் வந்திருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

இனிதான் அட்டாச்மென்ட். அச்சுக் கோப்பில் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அதன் பெயரும் அளவும் மட்டுமே இருக்கும், உள்ளடக்கம் வராது. ஆக, ஒவ்வொன்றையும் தனியே இறக்க வேண்டும். குழப்பம் பிறக்கும் இடமும் இதுவே. பில்டர் ஜூன், ஆகஸ்ட், நவம்பர் என்று மூன்று முறை estimate.pdf என்ற ஒரே பெயரில் அனுப்பியிருக்கிறார். தொகை மூன்றிலும் வேறு. இறக்கும்போது கணினி அவற்றுக்கு estimate.pdf, estimate (1).pdf, estimate (2).pdf என்று பெயரிடும். அந்த எண் இறக்கிய வரிசையைத்தான் சொல்கிறது, அனுப்பிய வரிசையை அல்ல. நவம்பர் கடிதத்தை முதலில் திறந்திருந்தால் எண்ணில்லாத estimate.pdf நவம்பருடையது. கோப்பின் தேதியைப் பார்த்தும் பயனில்லை. பெரும்பாலும் மூன்றுக்கும் இறக்கிய நாளே பதிவாகியிருக்கும்.

இதற்கு வழி, அச்சுக் கோப்பிலுள்ள கடிதங்களுக்கு மேலிருந்து வரிசை எண் கொடுத்துவிட்டு, அட்டாச்மென்டை இறக்கிய கையோடு அதே எண்ணில் பெயர் மாற்றுவது. மொத்தம் 112 கடிதங்கள் என்றால் மூன்று இலக்கம் வேண்டும்:

```
023-1_2024-06-11_estimate.pdf
041-1_2024-08-19_estimate.pdf
041-2_2024-08-19_photo.pdf
078-1_2024-11-05_estimate.pdf
```

முதல் எண் கடிதம். கோடுக்குப் பின் வருவது அக்கடிதத்தில் எத்தனையாவது இணைப்பு என்பது. முன்னால் பூஜ்யம் இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் 112-ஐ 23-க்கு முன்னால் வைத்துவிடும். வேர்டு, எக்செல், புகைப்படம் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு, உரையாடலின் கோப்புக்கு 000 என்று பெயரிட்டால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருளில் அதே வரிசையில் சேர்க்கலாம். சேர்க்கும்போது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு புக்மார்க் வைக்கச் சொன்னால், வழக்கறிஞர் 041-2-ஐ நொடியில் திறப்பார்.

முடிந்ததும், அச்சுக் கோப்பில் கடிதங்களின் அடியில் உள்ள பெயர்களையும் கையிலுள்ள கோப்புகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். 25 எம்பியைத் தாண்டியதை ஜிமெயில் டிரைவ் இணைப்பாகத்தான் அனுப்பும். அதை பில்டர் நாளை அழிக்கலாம், மாற்றவும் செய்யலாம். அவற்றை முதல் வேலையாக இறக்கிவிடுவது நல்லது.

இந்த பிடிஎஃப் படிக்க வசதியானது, அவ்வளவே, மூலத்துக்கு ஈடாகாது. டிஜிட்டல் கையொப்பமிட்ட பிடிஎஃப்பை மற்றவற்றோடு சேர்த்தால் அந்தக் கையொப்பம் செல்லாததாகிவிடும். அதன் மூலப்பிரதியைத் தொடாமல் தனியே வைத்திருக்க வேண்டும். முக்கியக் கடிதங்களை மூன்று புள்ளியிலுள்ள Download message மூலம் .eml கோப்பாகவும் எடுத்து வைக்கலாம். கடிதம் கடந்துவந்த சர்வர்களின் தடம், அட்டாச்மென்ட் எல்லாம் அதற்குள் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். விண்டோஸில் இந்தக் கட்டளை அதைத் தரும்:

```
certutil -hashfile 041.eml SHA256
```

ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். ஆகவே பெயரை மாற்றலாம், ஆனால் மூலக் கோப்பைத் திறந்து திரும்பச் சேமிக்கக் கூடாது.