யாருடைய காலை?

கடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து உம்மா போனும் கையுமாக இருந்தார். டொரொண்டோவிலிருந்து தம்பி எடுப்பான் என்ற எதிர்பார்ப்பு. அவன் எடுக்கவில்லை. அங்கே அவனுக்கோ, "நான் எடுத்தும் உம்மா பேசல்லியே" என்ற கவலை. இருவர் சொன்னதும் உண்மைதான். பிழை ஒரு 'குட் நைட்'டில் இருந்தது.

வியாழன் இரவு ஒன்பதரைக்குத் தம்பி குரல்பதிவொன்று அனுப்பியிருந்தான்: "குட் நைட் உம்மா, நாளைக்குக் காலையில எடுக்கிறன்." குளிர்காலத்தில் டொரொண்டோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால். ஆகவே உம்மா அதைக் கேட்டபோது இங்கே வெள்ளி காலை எட்டு மணி. "விடிஞ்சிரிச்சி, இவன் குட் நைட் செல்றான்" என்று சிரித்தார். ஆனால் 'நாளைக்கு' என்றதைத் தன் நாளை, அதாவது சனி என்றே எடுத்துக்கொண்டார். தம்பியின் நாளை வெள்ளி. அவன் காலை எட்டுக்கு எடுத்தபோது இங்கே வெள்ளி பின்னேரம் ஆறரை. உம்மா மஃரிப் தொழுகையில் இருந்தார். போன் சத்தமில்லாமல் கிடந்தது.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது? 'இங்கே', 'நாளை' போன்ற சொற்களுக்குத் தனியே பொருள் முழுமையாகாது. யார், எப்போது, எங்கிருந்து சொன்னார் என்று தெரிய வேண்டும். மொழியியலாளர் சார்ள்ஸ் ஃபில்மோர் சொல்லும் நேரத்தையும் அது கேட்கப்படும் நேரத்தையும் பிரித்துக் காட்டினார். முகம் பார்த்துப் பேசும்போது இரண்டும் ஒன்றே. குரல்பதிவில் அவை பிரிந்துவிடுகின்றன; தூர தேசம் என்றால் நாளே மாறிவிடுகிறது.

'குட் மோர்னிங்' செய்வது இரண்டு வேலை. ஒன்று, பேச்சைத் தொடங்குவது. 'குட் நைட்' அதை முடிப்பது. மற்றது, பொழுதைச் சொல்வது. முதல் வேலை கடல் கடந்தும் நடக்கும். இரண்டாவது வேலைக்கு இருவர் தலைக்கு மேலும் ஒரே சூரியன் இருக்க வேண்டும். இணைய அரட்டைக்காரர் சிலர் இதை வேடிக்கையாகத் தீர்த்தார்கள்: வருகிறவருக்கு எப்போதும் காலை, போகிறவருக்கு எப்போதும் இரவு. பொழுதை விட்டுவிட்டு முதல் வேலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நமது ஸலாமில் இந்தச் சிக்கல் தொடக்கத்திலேயே இல்லை. வரும்போதும் போகும்போதும் அதுவே. அதில் பொழுது கிடையாது.

ஆனால் ஸலாம் சொன்னாலும் 'நாளைக்கு' என்ற சொல் அப்படியேதான் நிற்கும். அதனால் இப்போது தம்பி, "உங்கட வெள்ளிக்கிழம பின்னேரம் ஏழரைக்கு எடுக்கிறன்" என்கிறான். கிழமை, மணி, யாருடைய மணி: மூன்றும் வேண்டும். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அன்றிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம்தான். எங்கள் வீட்டுக் கலண்டரில் அந்த இரண்டு ஞாயிறுகளிலும் உம்மா வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.