உங்களுக்குத் தெரியுமா?

கைபேசியில் ‘கடல’ என்று தட்டியதுமே கடல், கடலை, கடலைமாவு என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கின்றனவே, எப்படி? இதற்கு உதவும் ஓர் அமைப்பின் பெயர் ‘ட்ரை’. எட்வர்ட் ஃப்ரெட்கின் 1960-இல் இதை விவரித்தார்.

பொதுவான முன்பகுதியை இது ஒருமுறைதான் சேமிக்கும். யூனிகோடில் ‘லை’ என்பது ல, ை என இரு குறிகள். ‘ல்’ என்பதும் ல, புள்ளி என இரண்டு. ஆக மூன்று சொற்களையும் தனித்தனியே எழுத 16 குறிகள் வேண்டும். ட்ரையில் க, ட, ல மூன்றுக்கும் பொது. அதன்பின் புள்ளி ஒரு கிளை, ‘ை’ இன்னொரு கிளை. குறிக்கு ஒரு கணு என மொத்தம் 9 கணுக்களே போதும். ‘கடலை’ முடியும் கணுவில் மட்டும் ‘இங்கே ஒரு சொல் முடிகிறது’ என்ற அடையாளம் தேவை. இல்லாவிட்டால் அது கடலைமாவுக்குள் கரைந்துவிடும்!

அகராதி எவ்வளவு பெரிதானாலும், தட்டிய குறிகளின் அளவுக்கே படியிறங்கினால் போதும். கீழே கிடப்பவை எல்லாம் பரிந்துரைகள். ஆனால் ‘க’ மட்டும் தட்டினால் ஆயிரக்கணக்கில் கொட்டுமே? அதனால் ஒவ்வொரு கணுவிலும், அதன்கீழ் அதிகம் புழங்கும் சில சொற்களை முன்கூட்டியே குறித்து வைப்பதுண்டு. முதல் எழுத்தே பிழையானால் வெறும் ட்ரை வேறு கிளைக்குப் போய்விடும்.