விரல் தடிமனா, பட்டன் பொடிசா?

"தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு நாள் லீவு கேட்டேன். மனசாட்சியே இல்லாம ரிஜெக்ட் பண்ணிட்டாருப்பா மனுஷன்!" என்று பொருமினார் நண்பர். மேனேஜரிடம் போய் நியாயம் கேட்டால், அவரே ஆடிப் போய்விட்டார். "நான் டிக் மார்க்கைத்தானேய்யா அமுக்கினேன்!"

அவர் பொய் சொல்லவில்லை. போன் ஆப்பில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு டிக், ஒரு பெருக்கல் குறி. டிக் என்றால் லீவு உண்டு. பெருக்கல் என்றால் கிடையாது. ரிஜெக்ட் ஆனால் முதலிலிருந்து மனு போட வேண்டும். அதற்குள் அதே தேதிகளை அடுத்த சீட்டுக்காரர் அள்ளிக்கொண்டு போய்விட்டார்!

"அவர் விரல் அப்படி, வாழைப்பழம் மாதிரி" என்று செக்‌ஷனில் சிரித்தார்கள். விரலைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு ஸ்கேலை எடுத்துப் போன்மேல் வைத்துப் பார்ப்பது உத்தமம். டிக்கின் அகலம் 3 மில்லிமீட்டர். பெருக்கலும் அதே 3. நடுவில் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி. சாதாரண மனிதனின் விரல் நுனி 8 முதல் 10 மில்லிமீட்டர். அதாவது விரலை வைத்தால் இரண்டு குறியும் சேர்ந்து அடியில் மறைந்துவிடும்.

மறைந்தால் என்ன, போன் ஏதாவது ஒன்றைத்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்? எடுத்துக்கொள்கிறது. விரல் பட்ட இடம் முழுவதையும் கணக்குப் போட்டு ஒரே ஒரு புள்ளியாகச் சுருக்கிக்கொள்கிறது. வில்லங்கம் என்னவென்றால், நாம் நினைக்கும் புள்ளி வேறு, போன் எடுக்கும் புள்ளி வேறு. கிறிஸ்டியன் ஹோல்ஸ், பேட்ரிக் பாடிஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் இதை விளக்கினார்கள். நாம் குறி பார்ப்பது விரலின் மேல்பக்கத்தை, முக்கியமாக நகத்தை வைத்து. போனுக்குத் தெரிவதோ அடியில் படும் சதை. விரலைச் சாய்த்துப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் விலகல் வந்துவிடுகிறது. முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி அந்த விலகலுக்கு எந்த மூலைக்கு?

சரி, எவ்வளவு பெரிசு இருந்தால் போதும்? இதையும் அளந்திருக்கிறார்கள். ஒரே கையில் பிடித்துக் கட்டைவிரலால் அமுக்குவதைப் பற்றி பார்ஹி, கார்ல்சன், பெடர்சன் ஆகிய மூவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றை அமுக்கலுக்கு 9.2 மில்லிமீட்டர், தொடர்ந்து அமுக்க 9.6 மில்லிமீட்டர் என்று முடிவு வந்தது. இந்த அளவை மனதில் கொண்டுவர, சட்டைக் காலரின் முனையைப் பிடிக்கிற குட்டி பட்டனைப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆப் எழுதுகிறவர்கள் மில்லிமீட்டரில் பேச மாட்டார்கள், பிக்ஸல்தான். இந்தப் பிக்ஸல் கண்ணாடியில் மின்னும் நிஜப் புள்ளி இல்லை, கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒன்று. ஆறரை இஞ்ச் போனில் குறுக்குவாட்டில் பெரும்பாலும் 360 பிக்ஸல். அகலம் சுமார் 68 மில்லிமீட்டர். ஆகவே ஒரு பிக்ஸல் 0.19 மில்லிமீட்டர். ஆப்பிள் சொல்கிற குறைந்தபட்சம் 44. ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்வது 48. இந்தப் போனில் அது 9 மில்லிமீட்டர், ஆய்வு சொன்னதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்கிற இணைய விதி 24-ஐயே அடிமட்டக் கோடாக வைக்கிறது. 24 என்றால் நாலரை மில்லிமீட்டர். அது பாஸ் மார்க் 35 மாதிரி. வசதி என்று நினைத்துவிடாதீர்கள்.

குறி 24-ஐவிடச் சின்னதாக இருந்தாலும் அந்த விதி ஒரு சலுகை தருகிறது. ஒவ்வொரு குறியின் நடுவிலும் 24 பிக்ஸல் வட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டாவிட்டால் பாஸ். நம் லீவு ஆப்பில் குறி 16 பிக்ஸல், இடைவெளி 4. நடுவுக்கு நடு 20. வட்டங்கள் வெட்டிக்கொள்கின்றன. அந்தச் சலுகையிலும் ஃபெயில்!

ஆப்பைச் செய்த பையனிடம் விஷயம் போனது. கெட்டிக்காரப் பையன். குறியைப் பெரிதாக்கினால் அசிங்கமாக இருக்குமே என்று, படத்தை அப்படியே விட்டு, சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் தொடு பரப்பை மட்டும் 48-ஆக்கினான். யோசனை சரிதான். ஆனால் குறிகளை விலக்கி வைக்க மறந்தான். இரண்டு பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அப்படி ஏறினால், பின்னால் எழுதப்பட்டதுதான் மேலே நிற்கும். இங்கே பின்னால் இருந்தது பெருக்கல். கணக்குப் போட்டால் டிக்கின் முக்கால் பாகம் பெருக்கலுக்குச் சொந்தமாகிவிட்டது. டிக்கின் நட்டநடுவில் குறி தவறாமல் அமுக்கினாலும் ரிஜெக்ட்! முன்பாவது அதிர்ஷ்டத்துக்கு இடமிருந்தது.

இரண்டாவது முறை சரியாக வந்தது. மூன்றே வரி:

```css
.leave-btn {
  min-width: 48px;
  min-height: 48px;
  margin-left: 8px;
}
```

படம் அதே 16. தொடு பரப்பு 48, நடுவில் 8. நடுவுக்கு நடு 56 பிக்ஸல், அதாவது பத்தரை மில்லிமீட்டர். முன்னால் அது நாலுகூட இல்லை.

"அதெல்லாம் சரி சார், கீபோர்டில் எழுத்துகள் இதைவிடக் குறுகல்தானே, ஒழுங்காத்தானே டைப் அடிக்கிறோம்?" என்று நீங்கள் மடக்கலாம். கீபோர்டுக்கு ஊகிக்க வசதி உண்டு. முன்னால் அடித்ததை வைத்து அடுத்து எந்த எழுத்து வரும் என்று பார்த்து, அதன் தொடு பரப்பைக் கமுக்கமாகப் பெருக்கிக்கொள்ளும். தப்பாக அடித்தாலும் ஒரு அழிப்பில் போயிற்று. மேனேஜர் லீவு தருவாரா மாட்டாரா என்பதை எந்த போன் ஊகிக்க முடியும்?

இதற்கு ஒரு விலையும் உண்டு. முன்பு ஒரு வரிசையின் உயரம் 28 பிக்ஸல். தலைப்பு, அடிப்பட்டை போக 672 பிக்ஸலில் 24 பெயர்கள் தெரிந்தன. இப்போது 14. "எல்லாரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியலையேப்பா" என்று மேனேஜருக்குக் குறை. நியாயமான குறை. வேறொரு வழி, பெயர் இருக்கும் முழு வரிசையையும் ஒரே பட்டனாக்கி, அமுக்கினால் அடுத்த பக்கத்தில் அகலமான இரண்டு பட்டன்கள் தருவது. பக்கத்தில் போட்டி இல்லாததால் வரிசையைக் கொஞ்சம் ஒல்லியாக வைக்கலாம். ஒரு அமுக்கல் கூடுதல். திரும்பப் பெற முடியாத காரியத்துக்கு அந்த ஒரு அமுக்கல் தப்பில்லை என்பது என் கட்சி. 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் பெட்டியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. படிக்காமலே 'ஆம்' அமுக்கிப் பழகிவிட்டோம். அதைவிட, ரிஜெக்ட் ஆன பிறகு பத்து விநாடிக்கு ஒரு 'வாபஸ்' பட்டன் காட்டலாம்.

இந்தப் பிழை செய்தவர் கண்ணில் ஏன் படவில்லை? அவர் கம்ப்யூட்டரில் மவுஸை வைத்துச் சோதிக்கிறார். மவுஸ் அம்பின் முனை ஒரே புள்ளி. 16 பிக்ஸல் அதற்கு மைதானம். ஆகவே சோதனை போனில்தான் நடக்க வேண்டும், நின்றுகொண்டு, ஒரு கையில், கட்டைவிரலால். ஆண்ட்ராய்டில் Developer options-க்குள் Show taps என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். டிக்கைப் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்து, புள்ளி எங்கெங்கே விழுகிறது என்று கவனித்தால் போதும். ஆப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் பதிவேட்டைப் பார்க்கலாம். ஒன்றை அமுக்கி, இரண்டு மூன்று விநாடிக்குள் பின்வாங்கி, பக்கத்துப் பட்டனை அமுக்கிய ஜோடிகள் நிறைய இருந்தால், அந்த இரண்டு பட்டன்களையும் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.